முதலில் கடிகாரம், அப்புறம் கஞ்சி

“சனிக்கிழமை நோன்பு திறக்கக் குடும்பத்தோட எங்க வீட்டுக்கு வந்துடு. என்ன சமைக்கணும்னு மட்டும் சொல்லு, போதும்.”

கூட வேலை பார்க்கும் நண்பன் போன ரமலானில் இப்படிக் கேட்டான். மேற்கு மாம்பலத்தில் அடுக்குமாடி வீடு. அவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் பையன், அம்மா. சுத்த சைவம். எங்கள் பக்கம் நான், என் மனைவி, இரண்டு பிள்ளைகள். மொத்தம் எட்டுப் பேர்.

“சமையலை விடு, முதல்ல நேரத்தைப் பேசுவோம்” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. கல்யாண விருந்து என்றால் பன்னிரண்டு மணி என்பது ஒரு மணியாகலாம், பந்தி முன்னே பின்னே போகலாம். நோன்பு திறப்புக்கு அந்தத் தாராளம் கிடையாது. நாள் முழுக்க ஓடிய கணக்கு ஒரு நிமிடத்தில் வந்து முடியும். அந்த நிமிடத்துக்கு முன்னால் எது, பின்னால் எது என்று தெரிந்துவிட்டால் மெனு தானாக அமைந்துவிடும். அன்று தொலைபேசியில் அவனுக்கும், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அவன் அம்மாவுக்கும் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மாற்று மதத்து நண்பர்கள் வருஷா வருஷம் கேட்கிற கேள்விகள்தான்.

அம்மா கேட்ட முதல் கேள்வி எல்லோரும் கேட்பதுதான். “தண்ணி கூடவாப்பா குடிக்க மாட்டீங்க?”

ஆமாம், தண்ணீர் கூட இல்லை. அம்மா கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் விரதம் இருப்பவர். அவருடைய விரதத்தில் அன்னம் தள்ளுபடி. பால் உண்டு, பழம் உண்டு. எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்பதில்தான் அங்கே கவனம். எங்கள் நோன்பில் கவனம் எப்போது என்பதில். விடியலின் முதல் வெளிச்சம் கிழக்கில் பரவத் தொடங்குவதிலிருந்து சூரியன் மறையும் வரை உணவு, தண்ணீர், மாத்திரை, சிகரெட் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. கணவன் மனைவி உறவும் பகலில் இல்லை. சூரியன் மறைந்துவிட்டால் வழக்கமாகச் சாப்பிடும் எதையும் சாப்பிடலாம். ராத்திரிக்குத் தடை ஒன்றுமில்லை.

மார்ச் மாதச் சென்னையில் விடியற்காலை ஐந்து மணி தாண்டிச் சில நிமிடங்களில் சஹர் நேரம் முடிந்துவிடும். மாலை 6:20 வாக்கில் சூரியன் மறையும். ஆக, பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இஸ்லாமிய ஆண்டு நிலவுக் கணக்கு என்பதால் ரமலான் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். 2019இல் அக்னி நட்சத்திர வெயிலில் நோன்பு இருந்தோம். 2025இல் மார்ச் மாதம் முழுக்க வந்தது. 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று என்று ஒரே ஆங்கில வருஷத்தில் இரண்டு முறை ரமலான் தொடங்கும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் பகல் நீளம் பெரிதாக மாறாது, வெயில்தான் மாறும்.

“எச்சிலை முழுங்கலாமா?” இது பையனின் கேள்வி. முழுங்கலாம். குளிக்கலாம், வாய் கொப்பளிக்கலாம், ரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். மறந்துபோய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டால்? நினைவு வந்ததும் நிறுத்திவிட்டு நோன்பைத் தொடரலாம், முறியாது. “ஐயையோ, தெரியாம காபி குடுத்துட்டேனே” என்று பதறும் நண்பர்களுக்கு இந்தச் செய்தி பெரிய நிம்மதி. அலுவலகத்தில் எங்கள் முன்னால் சாப்பிடுவதிலும் தப்பே இல்லை. ஒளிந்து ஒளிந்து பிஸ்கட் தின்கிறவர்களைப் பார்த்தால்தான் எங்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

கேட்கக் கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது. “நீங்க ஏன் இன்னிக்கு நோன்பு இல்லை?” நோயாளிகள், பயணத்தில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் ஆகியோருக்கு விலக்கு உண்டு. மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு பிடிக்கவே கூடாது. விட்ட நாட்களைப் பிறகு ஈடு செய்வார்கள். உங்கள் தோழி மத்தியானம் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் பார்க்காதது போல் இருந்துவிடுங்கள். சபையில் வைத்துக் காரணம் கேட்டால் அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கும். விருந்துக்கு வருகிறவர்களில் யார் நோன்பாளி, யார் இல்லை என்று கணக்கெடுக்க வேண்டாம். சிறு பிள்ளைகளுக்குக் கடமையே இல்லை. அரை நோன்பு, கால் நோன்பு என்று பெருமைக்குப் பிடித்துப் பார்ப்பார்கள். அவர்கள் வந்ததும் பசி என்றால் எதையாவது கையில் கொடுத்துவிடலாம். என் சின்னவளுக்கு அன்று 6:20 வரை காத்திருக்கும் உத்தேசமே இல்லை.

நோன்பாளியின் உடம்பு எப்படி இருக்கும் என்பது தெரிந்தால் விருந்தோம்பல் பாதி புரிந்துவிடும். பசி அவ்வளவு படுத்தாது. முதல் சில நாட்கள் காலை பதினொரு மணிக்கு ஒரு தலைவலி வரும்; அது காபி கிடைக்காத தலைவலி. நாலு மணிக்கு மேல் பேச்சு குறையும். நாக்கு வறண்டிருக்கும். வாய் நாற்றம் தெரியும் என்று கொஞ்சம் தள்ளியே நின்று பேசுவோம். மனவருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நிலையில் ஒருவர் வீட்டுக்குள் வந்ததும் உற்சாகமாக உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேச்சுக் கொடுப்பது அவருக்குச் சுமைதான். அதனால் ஐந்து மணிக்கே வரச் சொல்லாதீர்கள். திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் போதும். 6:20க்கு நோன்பு திறப்பு என்றால் 5:50க்கு வரச் சொல்லலாம். சென்னைப் போக்குவரத்தில் நாங்கள் தாமதமாக வாய்ப்பு அதிகம் என்பதால் அந்த அரை மணி இருபது நிமிடமாகச் சுருங்கிவிடும், கவலை வேண்டாம். வழியிலேயே நேரமாகிவிட்டால் காரிலேயே ஒரு பேரீச்சம்பழத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம்.

இப்போது அந்த நிமிடத்துக்கு வருவோம்.

நேரத்தை ஊர்வாரியாகப் பார்க்க வேண்டும். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் சூரிய மறைவில் பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு. தொலைக்காட்சியில் சென்னை நேரத்தைப் பார்த்துக் கோவையில் திறந்தால் அன்றைய நோன்பு போயிற்று. எங்கள் கையில் பள்ளிவாசல் அச்சடித்துத் தரும் நேர அட்டை இருக்கும், செல்பேசியிலும் இருக்கும். பேணுதலுக்காகச் சில பள்ளிகளில் ஓரிரு நிமிடம் தள்ளிப் பாங்கு சொல்வார்கள். எனவே “மணி ஆயிடுச்சே, எடுத்துக்குங்க” என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்த வேண்டாம், விருந்தாளி பார்த்துக்கொள்வார். அதே மாதிரி, நேரம் வந்த பிறகு தாமதிக்க வைக்கவும் வேண்டாம். நேரமானதும் உடனே திறப்பதுதான் நபிவழி. குழுவாக நின்று படம் எடுப்பது, நாலு வார்த்தை பேசுவது, பொன்னாடை போர்த்துவது எல்லாம் அரசியல் இஃப்தார்களில் நடக்கும். வீட்டில் வேண்டாம்.

பாங்குக்கு ஐந்து நிமிடம் முன்னால் எல்லாம் மேஜைக்கோ பாய்க்கோ வந்துவிட வேண்டும். பேரீச்சம்பழம், சாதாரணத் தண்ணீர், கஞ்சி, ஏதாவது ஒரு பழம். அப்போது நாங்கள் கொஞ்சம் அமைதியாகிவிடுவோம், சிலர் கையேந்தி துஆ கேட்பார்கள். திறக்கும் முன் கேட்கும் துஆவுக்கு மதிப்பு அதிகம் என்பது நம்பிக்கை. அந்த ஐந்து நிமிடம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டால் நல்லது.

நண்பன் வீட்டில் இன்னொரு விஷயம் இடித்தது. அம்மா விளக்கேற்றும் நேரமும் அதுவேதான். “நான் ஆறு மணிக்கு விளக்கு வைப்பேனே, உங்களுக்கு ஏதாவது…” என்று இழுத்தார். தாராளமாக ஏற்றுங்கள் அம்மா, உங்கள் வீடு, உங்கள் வழக்கம் என்றேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: சாம்பிராணியை மட்டும் நாங்கள் திறந்த பிறகு போடுங்கள். நோன்போடு புகையை வேண்டுமென்றே உள்ளே இழுப்பதில் எங்களில் பலருக்குத் தயக்கம் உண்டு.

முதல் கடி பேரீச்சம்பழம். அது கிடைக்காவிட்டால் தண்ணீரே போதும். விலை உயர்ந்த அஜ்வா பழம் தேடி அலைய வேண்டியதில்லை, கடையில் கிடைக்கும் சாதாரணப் பழம் சரிதான். ஐஸ் தண்ணீர் வேண்டாம். காலி வயிற்றில் அது பிடித்து இழுக்கும். சப்ஜா விதை போட்ட நன்னாரி சர்பத் ஒரு தம்ளர் வைத்தால் உங்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டோம்.

பிறகு கஞ்சி. தமிழ்நாட்டு முஸ்லிம் வீடுகளில் நோன்புக்கு அடையாளமே இதுதான். பள்ளிவாசல்களில் பெரிய தேக்சாக்களில் காய்ச்சி அசருக்குப் பிறகு ஊற்றுவார்கள். தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்பவர்களில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள். கஞ்சிக்கென்று அரசாங்கமே பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்கிறது. வழக்கமாகக் கொத்துக்கறி சேரும். சைவமாகவும் அருமையாக வரும். நண்பன் மனைவிக்கு நான் சொன்ன அளவு இது, எட்டுப் பேருக்கு ஆளுக்கொரு கிண்ணம்.

ஒரு தம்ளர் பச்சரிசி நொய், கால் தம்ளர் லேசாக வறுத்த பாசிப்பருப்பு, ஒரு டீஸ்பூன் வெந்தயம். இவற்றைக் கழுவி அரை மணி ஊற வைக்க வேண்டும். குக்கரில் எண்ணெய் விட்டுப் பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிறகு வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, இரண்டு பச்சை மிளகாய், தக்காளி, ஒரு கைப்பிடி புதினாவும் மல்லித்தழையும், பொடியாக நறுக்கிய கேரட். வதங்கியதும் முழுப் பூண்டுப் பல் எட்டுப் பத்து, ஊறிய அரிசி பருப்பு, உப்பு, எட்டுத் தம்ளர் தண்ணீர். நாலைந்து விசில். ஆவி அடங்கியதும் கரண்டியால் நன்றாக மசித்து, ஒரு தம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு கொதி வரும் முன் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் பால் திரிந்துவிடும். சரியான பதம் எது என்றால், கரண்டியைச் சாய்த்தால் ஒழுக வேண்டும். தொப்பென்று விழுந்தால் அது பொங்கல். ஐந்து மணிக்குச் செய்து வைத்தால் ஆறு மணிக்குள் இறுகிவிடும் என்பதால் பக்கத்தில் வெந்நீர் இருக்கட்டும். காரம் குறைவாக இருக்கட்டும். பதின்மூன்று மணி நேரம் காய்ந்த வயிறு.

கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒரே ஒரு பலகாரம் போதும். சூடான மசால் வடை. பஜ்ஜி, போண்டா, சமோசா, கட்லெட் என்று அடுக்காதீர்கள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர்களுக்கு நிறையப் போட வேண்டும் என்பது பாசம்தான். ஆனால் ஒரு கிண்ணம் கஞ்சியும் இரண்டு வடையும் உள்ளே போனதும் வயிறு மூடிக்கொள்ளும். வீட்டுக்காரர்கள் முகம் வாடிப்போகும் இடம் இதுதான்: “ஒண்ணுமே சாப்பிடலையே!”

இந்த இடத்தில் ஓர் இடைவேளை வரும் என்று தெரிந்திருந்தால் அந்த ஏமாற்றம் வராது. திறந்து பத்து நிமிடத்தில் நாங்கள் மஃரிப் தொழ எழுந்துவிடுவோம். சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு எழுவதாக எண்ண வேண்டாம். மாலை வேளைத் தொழுகைக்கான நேரம் சூரிய மறைவுக்குப் பிறகு சுமார் ஒரு மணி நேரம்தான். பக்கத்துப் பள்ளிக்குப் போய் வருகிறேன் என்று ஆண்கள் கிளம்பலாம். வீட்டிலேயே தொழ இடம் கொடுத்தால் எல்லோரும் சேர்ந்து தொழுதுவிடலாம், பெண்களுக்கும் வசதி.

தேவை அதிகமில்லை. முதலில் ஒளு செய்ய ஒரு குழாய். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, தலையில் ஈரக்கை, கடைசியாகக் கால்கள். வாஷ் பேசினில் கால் கழுவுவது சர்க்கஸ் வேலை. குளியலறைக் குழாயும் ஒரு மக்கும் போதும். வழுக்காமல் இருக்க ஒரு மிதியடி, ஒரு துண்டு. பிறகு சுத்தமான தரை. தொழுகை விரிப்பு நாங்களே கொண்டு வருவோம், இல்லாவிட்டால் துவைத்த பெட்ஷீட் ஒன்று. திசை, சென்னையிலிருந்து மேற்கே பார்த்து வடக்குப் பக்கம் சற்றுச் சாய்ந்து. எதிர்ச் சுவரில் சாமி படமோ ஆட்கள் படமோ இல்லாத அறை நல்லது. அதற்காகப் படங்களைக் கழற்ற வேண்டாம், யாரும் அதைக் கேட்கவும் கூடாது. நண்பன் வீட்டில் ஹாலின் மேற்குச் சுவர் முழுக்கப் படங்கள். பையனின் படுக்கையறையில் மேற்கே ஒரு ஜன்னலும் அலமாரியும்தான். அதுவே போதுமானதாக இருந்தது. தொழுகிறவருக்கு நேர் முன்னால் குறுக்கே நடக்காமல் இருந்தால் போதும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டில் நாய் இருந்தால் அந்த நேரம் வேறு அறையில் இருக்கட்டும். கடலோர முஸ்லிம்களில் பலர் ஷாஃபி வழியைப் பின்பற்றுகிறவர்கள். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும் என்ற கணக்கு அங்கே உண்டு. செல்லத்தின் மேல் கோபமில்லை.

தொழுது வந்த பிறகுதான் உண்மையான சாப்பாடு. 6:45 வாக்கில் இலை போட்டால் சரியாக இருக்கும். சைவ வீடு என்றால் உணவில் எங்களுக்குச் சிக்கலே கிடையாது. காய்கறியும் பருப்பும் எல்லாம் ஹலால்தான். கவனிக்க வேண்டியது கடையில் வாங்கும் ஜெல்லி, மார்ஷ்மெல்லோ மாதிரிப் பண்டங்களில் இருக்கும் ஜெலட்டின். அது விலங்கின் எலும்பு, தோலிலிருந்து வருவது, உங்களுக்கே ஆகாது. கடல்பாசியில் செய்தது என்றால் இருவருக்கும் ஆகும். அசைவம் சமைக்கும் வீடு என்றால் கறியை ஹலால் கடையில், பிஸ்மி சொல்லி அறுத்தது என்று தெரிந்து வாங்குங்கள். அது முடியாதபோது மீன், முட்டையோடு நிறுத்திவிடுவது நல்லது. விசாரிக்காமல் வாங்கிவிட்டு “எல்லாம் ஒண்ணுதானே” என்று சொல்வதைவிட, இன்று சைவம் என்று சொல்லிவிடலாம்.

வாய்விட்டுப் பேசக் கூச்சப்படும் விஷயம் ஒன்றுண்டு, பிரசாதம். சாமிக்குப் படைத்ததை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் சாப்பிடுவதில்லை. உங்கள் சாமி மேல் மரியாதைக் குறைவால் அல்ல. இறைவன் அல்லாத பெயரில் படைத்ததை உண்ணக் கூடாது என்ற விதி. நண்பனின் அம்மா தினமும் சமைத்ததும் முதலில் சாமிக்குக் காட்டிவிட்டுத்தான் எடுப்பார். இதை நான் சொன்னபோது நண்பன் தயங்கினான், அம்மாவுக்கு ஒரு தயக்கமும் இல்லை. “அவ்வளவுதானே, சாமிக்குத் தனியா ஒரு கிண்ணத்துல எடுத்து வச்சுக்கறேன். உங்க பாத்திரத்தைக் காட்ட மாட்டேன்” என்றார். எல்லா நண்பர்களும் இப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுவது, இலையில் விழுந்த பிறகு ஒதுக்குவதைவிட எவ்வளவோ மேல்.

மெனுவில் என் தனிப்பட்ட விருப்பம்: பாய் வருகிறார் என்று வெஜிடபிள் பிரியாணி செய்யாதீர்கள். பிரியாணி எங்களுக்கு வீட்டிலேயே கிடைக்கிறது. அன்று நாங்கள் சாப்பிட்டது வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், பருப்புத் துவையல், மிளகு ரசம், அப்பளம், தயிர் சாதம். ரசத்தை நான் மூன்று தரம் கேட்டு வாங்கினேன். நோன்பு திறந்த வயிற்றுக்கு அதைவிட இதமான ஒன்றை நான் கண்டதில்லை. சாப்பிட்டதும் காபி கட்டாயம்; காலையிலிருந்து அதற்காகத்தான் தலை வலித்துக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது: நோன்பு இல்லாத தாங்கள் உடன் உட்கார்ந்து சாப்பிடலாமா? தாராளமாக. நீங்களும் பகலில் பட்டினி கிடக்க வேண்டிய அவசியமில்லை. இந்த விருந்தில் உங்களுக்குக் கிடைப்பது எங்கள் நன்றி மட்டுமில்லை. நோன்பாளிக்குத் திறக்க உணவு கொடுத்தவருக்கு அந்த நோன்பின் கூலி முழுவதும் உண்டு, நோன்பாளியின் பங்கிலும் குறையாது என்று நபிமொழி இருக்கிறது. அதைச் சொன்னதும் நண்பன், “அப்ப நீ பட்டினி, எனக்குப் புண்ணியமா?” என்றான். கிட்டத்தட்ட அப்படித்தான்.

கிளம்பும் நேரத்தையும் சொல்லி வைத்துவிட வேண்டும். 7:30க்கு இஷா நேரம் தொடங்கிவிடும், அதைத் தொடர்ந்து ரமலானில் மட்டும் வரும் தராவீஹ் என்ற நீண்ட தொழுகை. பல பள்ளிகளில் இருபது ரக்அத். முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் காபி குடித்ததும் நாங்கள் கடிகாரத்தைப் பார்த்தால் தப்பாக நினைக்க வேண்டாம். நிதானமாக உட்கார்ந்து பேச ஆசைப்பட்டால், அன்று வீட்டில் தொழுதுகொள்ளச் சொல்லிக் கேட்கலாம். முன்பே கேட்டால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள்.

மிச்சம் இருந்தால் கட்டிக் கொடுங்கள், நாங்கள் வெட்கப்பட மாட்டோம். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து சஹருக்குச் சாப்பிட வேண்டும், அந்த நேரத்தில் அடுப்பு மூட்ட யாருக்கும் தெம்பு இருக்காது. தயிர் சாதம், இட்லி போன்றவை பகலில் தாகம் எடுக்க வைக்காது; ஊறுகாயும் அப்பளமும் உப்பு என்பதால் வேண்டாம். அம்மா இதைக் கேட்டுவிட்டு இட்லிமாவு ஒரு டப்பாவில் ஊற்றிக் கொடுத்தார். சுட்டே கொடுத்திருக்கலாமே என்றான் நண்பன். “ராத்திரி சுட்டது காலையில் கல்லா இருக்கும், உனக்கென்ன தெரியும்” என்று அவனுக்குத்தான் திட்டு விழுந்தது.